நான் திருத்திக் கெடுத்த தீபாவளிச் சலுகை

என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. அவள் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியன் நான். வட்டத்தின் தொடுகோட்டைப் பற்றி என்னிடம் கேட்பது, என்னிடம் இருதய ஆபரேஷன் செய்துகொள்வதற்குச் சமம்.

அந்த இடத்தை நிரப்பியவர் ஆன்லைன் வகுப்பு நடத்தும் ஒரு நிறுவனத்தின் ஆசிரியை. வாரம் மூன்று நாள், மாலை ஆறு மணிக்கு மொபைல் திரையில் வருவார். மகள் தப்பாகப் போட்டால், "இந்த வரி வரைக்கும் சரி. அடுத்ததுல என்ன பண்ணினே, நீயே பாரு" என்பார். அவ்வளவுதான். இருபது வருஷமாக வாத்தியாராக இருக்கும் எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றியதே இல்லை. காலாண்டுத் தேர்வில் மகள் வாங்கிய மார்க்கைப் பார்த்து நான் கூட்டலைச் சரிபார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

ஒரே கவலை, எங்கள் சந்தா ஜனவரியோடு முடிகிறது. பொதுத்தேர்வு மார்ச்சில். எல்லாப் பாடத்தையும் திருப்பிப் பார்க்கும் பிப்ரவரி மாதம் அந்தரத்தில் நின்றது.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு நிறுவனத்திடமிருந்து செய்தி வந்தது. எங்களுக்கு ஒரு குறியீடு கொடுத்திருந்தார்கள்: ஆறு எழுத்து, எண்களும் கலந்தது. நண்பர் யாராவது அந்தக் குறியீட்டைப் போட்டு மூன்று மாதத்துக்குச் சேர்ந்தால் அவருக்கு ஒரு மாதம் இலவசம், எங்களுக்கும் ஒரு மாதம் இலவசம். தீபாவளிக்கு முந்தின நாள் மாலை ஆறு மணி வரை. நண்பர்களுக்கு அப்படியே அனுப்பும்படி வாசகத்தையும் அவர்களே எழுதித் தந்திருந்தார்கள்.

அங்கேதான் வினை. "கற்றலின் ஒளியை உங்கள் அன்பான நண்பரின் குழந்தைக்கும் ஏற்றுங்கள்" என்று அது தொடங்கியது. ஒளியை ஒரு குழந்தைக்கு எப்படி ஏற்றுவது? லாரியில்தான் ஏற்றலாம். சிவப்புப் பேனா பிடித்த கை சும்மா இருக்குமா? உட்கார்ந்து முழுசாகத் திருத்தினேன். கடைசியில் வாலைப் போலத் தொங்கிய குறியீடும், நீல நிற இணைப்பும் கண்ணை உறுத்தின. நீக்கினேன். "எனக்கும் ஒரு மாதம் இலவசம்" என்ற வரியையும் எடுத்துவிட்டேன். சொந்த லாபம் வாசகத்தின் மேன்மையைக் கெடுக்கிறது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். பிறகு பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

கும்பிடுகள் குவிந்தன. "அண்ணாச்சி, என்ன தமிழ்" என்று ஒருவர் எழுதினார். இரண்டு நாள் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

கடைசி நாள் காலை பத்து மணிக்கு உரக்கடை வைத்திருக்கும் நண்பர் போனில் வந்தார். அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பு.

"வே, நாலு மாசம்னு எழுதியிருந்தீரு. பணத்தக் கட்டிட்டேன். மூணுதான் காட்டுது."

"பணம் கட்டும்போது அந்த ஆறெழுத்துக் கோடு போட்டீரா?"

"எந்தக் கோடு? நீரு எழுதினதுல கோடும் இல்ல, ஒரு எழவும் இல்ல. படிச்சா கல்யாணப் பத்திரிகை மாதிரிதான் இருந்துது."

நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பேசிய பெண் பொறுமையாகச் சொன்னார்: பணம் கட்டுவதற்கு முன் குறியீட்டைப் போட வேண்டும், கட்டிய பிறகு சேர்க்க வழியில்லை. நண்பரிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எம் பையனுக்கு இன்னும் ஒரு வருஷம் கெடக்கு, வே. நீரு பொழச்சீரு" என்று போனை வைத்தார்.

உடனே குறியீட்டைக் குழுவில் போட்டேன். அப்போதுதான் மகள் வந்து நின்றாள்.

"எப்பா, டெய்லர் அத்தையும் இன்னைக்குத்தான் பணம் கட்டுதாங்க. அவ சொன்னா."

'அவ' என்றால் என் மகளின் வகுப்புத் தோழி. 'டெய்லர் அத்தை' அந்தப் பெண்ணின் அம்மா. வண்ணார்பேட்டையில் தையல்கடை வைத்திருப்பவர். தோழி காலாண்டில் கணக்கில் பெயில். அவளுக்குத்தான் பிப்ரவரி என் மகளைவிட அவசியம். அம்மாவின் போன் கிடைக்கவில்லை. செய்திக்கு ஒற்றை டிக்தான் விழுந்தது.

ஸ்கூட்டரை எடுத்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் வண்ணார்பேட்டைக்குள் ஸ்கூட்டர் ஓட்டுவதாகச் சொல்வது சம்பிரதாயம். காலால் தள்ளிக்கொண்டு போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் என் வாசகம் மனதில் ஓடியது. ஒரு வாக்கியம்கூடப் பிசகில்லை, உபயோகமும் இல்லை.

கடையில் நாலு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. பெஞ்சில் ரவிக்கைக்குக் காத்திருக்கும் பெண்கள். தோழியின் அம்மா கழுத்தில் டேப்போடு நிமிர்ந்தார்.

"வாங்க அண்ணாச்சி. உங்க வீட்டு ரவிக்கை ரெடி. நீங்களேவா வந்திய?"

"அதுக்கு இல்லம்மா. கிளாஸுக்குப் பணம் கட்டியாச்சா?"

"இல்ல."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லாம் போட்டுட்டேன். கடேசில பாத்தா ஜனவரி வரைக்கும்னு காட்டுது. நீங்க எழுதினபடி பிப்ரவரி வரைக்கும்லா வரணும்? மேல ஒரு கட்டம் வேற காலியாக் கெடந்துது. அளவு ஒண்ணு விட்டுப்போச்சுன்னா நான் துணில கத்திரி வைக்க மாட்டேன், அண்ணாச்சி. உங்களுக்குப் போன் போடுவோம்னு எடுத்தேன், சார்ஜ் போயிட்டு. அந்தா, சார்ஜுல கெடக்கு."

பெஞ்சில் இருந்த அம்மாள் ஒருவர், "அவ அளவெடுத்தா ஒரு நூல் பிசகாது" என்றார், யாரும் கேட்காமலே.

போன் உயிர் பெற்றதும் குறியீட்டைக் கட்டத்தில் போட்டோம். ஜனவரி, பிப்ரவரியாக மாறியது. அவர் ஒரு முறை உரக்கப் படித்துவிட்டுப் பணம் கட்டினார். அடுத்த நிமிடம் என் போன் சிணுங்கியது: நண்பர் சேர்ந்துவிட்டார், அவருடைய முதல் வகுப்பு முடிந்ததும் உங்கள் கணக்கில் ஒரு மாதம் கூடும்.

இனி மறைக்க முடியாது.

"இதுல எனக்கும் ஒரு மாசம் கிடைக்கும்மா. அந்த வரிய நான்தான் எடுத்துட்டேன். லாபத்துக்குச் சொல்லுதான்னு நினைப்பியளோன்னு."

அவர் சிரித்தார். "நல்ல ஆளுதான். உங்களுக்கும் உண்டுன்னு தெரிஞ்சிருந்தா போன வாரமே கட்டியிருப்பேனே. என்னமோ சும்மா குடுக்கானுவளேன்னு பயந்துல்லா பொறுத்துக் கட்டுவோம்னு இருந்தேன். ரெண்டு பிள்ளையளும் படிக்கட்டும்."

அத்தனை அழகாக எழுதி நான் கெடுத்ததை, ஒரு காலிக் கட்டத்தின் முன் கையை நிறுத்தி இவர் காப்பாற்றியிருக்கிறார். அவர் மகளுக்கு மட்டுமல்ல, என் மகளுக்கும். "ரொம்ப நன்றிம்மா" என்றேன். ஒப்பனை இல்லாமல் நான் சொன்ன வாக்கியங்களில் அது ஒன்று.

பணம் கட்டியவருக்கும் ஒரு குறியீடு வரும். அவருக்கும் வந்தது, ஒளியை ஏற்றும் அதே வாசகத்தோடு. கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப வேண்டும், ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்றார். போனை என்னிடம் நீட்டினார்.

"சரியாப் போகுதான்னு மட்டும் பாருங்க. நீங்க ஒண்ணும் திருத்தாண்டாம்."

பார்த்தேன். ஒளி, குழந்தை, ஏற்றுதல், குறியீடு, இணைப்பு, எல்லாம் இருந்தன. ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் அனுப்பிக் கொடுத்தேன்.