பால் குடிக்காத கொக்கு

கொக்கு என்று பெயர் வைத்தது நான்தான். நெட்டையாக, ஒல்லியாக, கழுத்து நீண்டு, வேலைக்கு வந்த முதல் நாளே சலவைக்கூடத்தின் தாழ்ந்த வாசல்நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு நின்றாள். "வா கொக்கு, குனிஞ்சு வா" என்றேன். கோபித்துக்கொள்ளாமல் சிரித்தாள். அன்றிலிருந்து அந்த ஓட்டலின் அடித்தளத்தில் அவளுக்கு அதுதான் பெயர். மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

எங்கள் வேலை படுக்கை விரிப்பு மடிப்பது. உலர்த்தும் எந்திரத்திலிருந்து சூடாக வரும் விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடித்து, ஓர் உதறு உதறி, கிட்டே வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலக வேண்டும். கூட மடிக்கிறவளின் முகத்தை அத்தனை தடவை கட்டின புருஷன்கூடப் பார்க்கமாட்டான். அதனால் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னடி, தள்ளிப்போயிருக்கா?"

"உங்ககிட்ட மட்டும் ஒண்ணும் மறைக்க முடியாதுக்கா" என்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு. கல்யாணமாகி ஆறு வருஷம் காத்திருந்த பிள்ளை.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பால் ஆகாது. வாசனையே பிடிக்காது என்பது ஒரு பக்கம். மீறிக் குடித்தால் அரை மணி நேரத்தில் வயிறு கடமுடா என்று உருண்டு, ஊதி, கழிப்பறையே கதி என்றாகிவிடும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாசமான சேதி தெரிந்ததும் எல்லோரும் ஒரே நாளில் அதை மறந்துவிட்டார்கள். மாமியார் காலையும் மாலையும் டம்ளரோடு பின்னாலேயே அலைந்தார். பக்கத்து வீட்டுக்காரி, நாத்தனார், ஓட்டல் காவலாளி வரைக்கும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் மஞ்சள் போடச் சொன்னார், இன்னொருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கச் சொன்னார். பால் குடிக்காவிட்டால் குழந்தைக்கு எலும்பே இருக்காது என்றாள் நாத்தனார். எலும்பில்லாமல் பிறக்க அதென்ன மண்புழுவா என்று நான் கேட்டேன். கொக்கு சிரிக்கவில்லை. பயந்துபோயிருந்தாள்.

அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நல்லவன்தான், ஆனால் அம்மா முன்னால் வாய் திறக்கமாட்டான். அதனால் மருத்துவமனைக்கு நான் கூடப் போனேன். அங்கே கர்ப்பிணிகளுக்குச் சாப்பாடு பற்றிச் சொல்வதற்கென்று ஒரு நர்ஸ் இருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ரகம். ஆனால் விஷயம் தெரிந்தவர்.

"பால்ல ஒரு சர்க்கரை இருக்கும்மா. அதைச் செரிக்க வைக்கிற சக்தி உன் குடலுக்குக் கம்மி. அவ்வளவுதான், இது வியாதி இல்ல. உனக்கு வேண்டியது சுண்ணாம்புச் சத்து. அது பால்லதான் இருக்கணும்னு சட்டம் இல்ல."

"குழந்தைக்குப் பத்துமா சிஸ்டர்?"

"குழந்தை கெட்டிக்காரப் பய. சாப்பாட்டுல இல்லன்னா உன் எலும்புல இருந்து எடுத்துக்குவான். அப்படி எடுக்க விடக் கூடாதுன்னுதான் சொல்றேன். உனக்கு ரத்த அழுத்தம் ஏறாம இருக்கவும் அந்தச் சத்து கொஞ்சம் உதவும்."

முள்ளோடு மென்று தின்னக்கூடிய சின்ன மீன், தோல் நீக்காத எள், பாதாம், கடையில் விற்கிற சோயாக்கட்டி என்று வரிசையாகச் சொன்னார். சோயாக்கட்டியைச் சுண்ணாம்புச் சத்து சேர்த்து உறைய வைத்ததா என்று பார்த்து வாங்கச் சொன்னார். தயிர் பாலைவிட இலேசு, சாப்பாட்டோடு இரண்டு கரண்டி போட்டுப் பார், ஒத்துக்கொண்டால் வைத்துக்கொள் என்றார். பசலைக்கீரையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே, அதிலிருக்கும் சத்தை அதுவே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்கு விடாது என்றார். கூடவே சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார்.

அந்த மாத்திரையில் முதலில் கோட்டை விட்டாள். மறந்துவிடக் கூடாது என்று இரும்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாகவே வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்த தடவை நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டும் ஒண்ணா உள்ள போனா இரும்பு சேராது தாயி. இரும்பைக் காலையில தனியாப் போடு. இது மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட கையோட. மொத்தமா ஒரே வேளையில போட்டாலும் உடம்பு வாங்காது." கொக்கு அன்றிலிருந்து அதைத் தவறவிடவே இல்லை.

மத்தியானச் சாப்பாடு எங்களுக்கு ஒரு திருவிழா மாதிரி ஆனது. அழுக்குத் துணி மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்போம். சோப்புப் பொடி நெடியைத் தாண்டிக்கொண்டு மீன் வாசனை வரும். மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார். அவள் முள்ளை நறநறவென்று மெல்லுவாள். "கொக்குக்கு இதைவிட என்ன வேணும்" என்பேன். வறுத்துப் பொடித்த எள்ளைச் சோற்றில் பிசைந்து எனக்கும் ஓர் உருண்டை தருவாள். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் வந்தது. என் வாழ்க்கையில் ஒரு காரியம் ஒழுங்காக நடக்கிறதே என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

ஐந்தாம் மாதத்தில் திடீரென்று வாடினாள். விரிப்பின் ஒரு முனையைப் பிடித்திருப்பாள், அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். பத்து நாளில் ஏறிய எடையெல்லாம் இறங்கிவிட்டது. என்னடி சாப்பிட்டாய் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன்.

"ஒண்ணும் புதுசா இல்லக்கா. அத்தை காலையில கோதுமைக் கஞ்சி வெச்சுத் தர்றாங்க. ஏலக்காய் எல்லாம் போட்டு, அவ்வளவு ருசியா இருக்கு."

எனக்கு உறைத்துவிட்டது. அன்று வேலை முடிந்ததும் அவளோடு வீட்டுக்குப் போனேன். சமையலறை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் பால் பொடி டப்பா இருந்தது. பாதி காலி. வாசனை தெரியாமல் இருக்கத்தான் ஏலக்காய்.

மாமியாரைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "அவளக் கொல்லப் பாக்குறீங்களா? சாப்பிட்டதெல்லாம் தண்ணியாப் போயிட்டிருக்கு. பேரப்பிள்ளை எதைத் தின்னும்?"

அவர் எதிர்த்துப் பேசவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "எனக்கு மட்டும் ஆசையாம்மா? ஆறு வருஷம் கழிச்சு வந்த பிள்ளை. நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா, பால்கூடக் கொடுக்கலையேன்னு என் மனசே என்னைக் கொல்லாதா?" என்று அழுதார். டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பொடி நின்றது. வயிற்றுப்போக்கும் நின்றது. கொக்கு மறுபடி சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள், எடை திரும்பி வந்தது. நர்ஸ் பார்த்துவிட்டு, போன எடையெல்லாம் வந்துவிட்டது, சத்துக்கும் குறைவில்லை என்றார்.

ஏழாம் மாதத்தில் ஒரு காலை, அவள் விரல்கள் வீங்கியிருந்தன. தலை வலிக்கிறது என்றாள். விரிப்பை உதறியபோது, "அக்கா, கண்ணு முன்னால பூச்சி பறக்குது" என்றாள். மடிப்பதை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. இரண்டு நாள் ஊசி, மருந்து என்று பார்த்துவிட்டு, இனித் தாமதித்தால் தாய்க்கு ஆபத்து என்று அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. என் இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு. அடுத்த நாள் சாயங்காலம் வரை மூச்சு விட்டது.

டாக்டர் நல்ல மனுஷி. எல்லோரையும் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். "பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சுண்ணாம்புச் சத்து அவங்களுக்குச் சரியாத்தான் இருந்தது. அந்தச் சத்து இந்த ஆபத்தைக் குறைக்கும், இல்லவே இல்லாம பண்ணாது. எல்லாத்தையும் ஒழுங்காச் செஞ்சவங்களுக்கும் இது வரும். முதல் பிரசவத்துல வர்ற வாய்ப்பும் ஜாஸ்தி. யார் மேலயும் தப்பு இல்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே நடைபாதைக்கு வந்ததும் மாமியார் சுவரில் சாய்ந்தார். திட்டவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. "ஒரு டம்ளர் பால், ஒரே ஒரு டம்ளர்..." என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் கொக்கின் புருஷனைப் பார்த்தேன். இப்போதாவது பேசுவான் என்று நினைத்தேன். அவன் தரையைப் பார்த்தபடி, "குடிச்சிருக்கலாம்" என்றான். அறைக் கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் இருந்தவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்கப்புறம் அந்தப் பேச்சு ஊர் முழுக்கச் சுற்றியது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், தெருமுனைக் கடைக்காரர், லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் காரணம் ஒன்றுதான். நானும் விடாமல் ஒவ்வொருவரிடமும் மல்லுக்கு நின்றேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "டாக்டருக்கு என்ன, சொல்லுவாங்க" என்று போய்விட்டார்கள். கொக்கு என்னைத் தடுக்கவும் இல்லை, கூடப் பேசவும் இல்லை. வேலைக்குத் திரும்பினாள். விரிப்பைப் பிடித்தாள். கிட்டே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி உண்டானாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. நான்தான் சந்தோஷப்பட்டேன். மருத்துவமனையில் ஆரம்பத்திலிருந்தே கவனித்துக்கொண்டார்கள். ரத்த அழுத்தம் ஏறாமல் இருக்க ஒரு சின்ன மாத்திரை, பழைய சுண்ணாம்புச் சத்து மாத்திரை, அடிக்கடி பரிசோதனை. முன்னே சாப்பிட்ட மாதிரியே சாப்பிடு, அதில் ஒரு பிசகும் இருக்கவில்லை என்று நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சரி சரி என்று கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மீன் டப்பாவை நான் கொண்டுவந்திருந்தேன். அவள் பையிலிருந்து பிளாஸ்க் ஒன்றை எடுத்தாள். மூடியில் ஊற்றினாள். பால். ஏலக்காய்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். குமட்டிக்கொண்டு வந்ததைப் பல்லைக் கடித்து உள்ளே தள்ளினாள்.

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன். "சிஸ்டர் என்ன சொன்னாங்க? இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. உங்களவிட நல்லாத் தெரியும்."

"அப்புறம் எதுக்குடி?"

"இதுக்கும் ஏதாவது ஆச்சுன்னா, யாரும் என்னைப் பாத்து அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. இன்னொரு தடவை அதைக் கேக்க என்னால முடியாது."

"நல்லபடியாப் பிறந்துட்டா?"

"பாலாலதான்னு சொல்லுவாங்க. சொல்லட்டும்" என்றாள். மூடியைத் துடைத்து மூடினாள். அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சாயங்காலம் குடிக்க இன்னொரு டம்ளர் வீட்டில் காய்ச்சி வைத்திருப்பார்கள்.