மதியம் பார்த்த மீட்டர்

எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபோது, என் வீட்டுக்காரர் செய்த முதல் வேலை முற்றத்துக் கிணற்றைத் தூர்த்தது. இனிமேல் யார் இறைப்பது என்றார். வண்டி வண்டியாக மண்ணும் செங்கல் உடைசலும் கொண்டுவந்து கொட்டி, மேலே கற்பலகை பாவினார். தெருவோரத்து மீட்டரிலிருந்து வந்த இரும்புக் குழாய் எங்கள் முன்கட்டுத் தொட்டியருகே இரண்டாகப் பிரிந்தது. ஒன்று எங்களுக்கு. இன்னொன்று முற்றத்துக்கு அடியில் ஓடிப் பின்கட்டுக்குப் போனது. அது பிரியும் இடத்திலேயே ஒரு வால்வு வைத்திருந்தார்கள். அதை யாரும் தொட்டதில்லை.

பின்கட்டின் இரண்டு அறைகளில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் ஒரு பாயும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஈயம் பூசுமுன் பாத்திரத்தைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் பில்லை நாங்களே கட்டிவந்தோம். வாடகையில் அடக்கம் என்று பேச்சு.

இரண்டாம் வருடம் பில் ஏறியது. அடுத்த முறை இன்னும் ஏறியது. மீட்டர் பார்க்க வந்தவர், "தண்ணிய நல்லாத்தான் செலவு பண்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், வந்தது. பின்கட்டுப் பாத்திரக் கழுவல்தான் காரணம் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டவில்லை என்பதுதான் என் பெருமையாக இருந்தது. எங்காவது ஒழுகுகிறதா என்று சோதித்தேன். ஒருநாள் மதியம், எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தெருவோரக் குழியின் இரும்பு மூடியைத் தூக்கி மீட்டரைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் சின்ன முள் அசையாமல் நின்றது. ஒழுகினால் சுற்றியிருக்குமே. ஆக, ஒழுகலில்லை, ஆள்தான். இதைத் தெருவில் நாலு வீட்டில் சொன்னேன். எதிர்வீட்டில் இரண்டு தடவை சொன்னேன்.

முதலில் பின்கட்டுக்கு நாளைக்கு இத்தனை குடம்தான் என்று கணக்கு வைத்தேன். அப்புறமும் பில் குறையவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லி, பின்கட்டுக் குழாயைக் கழற்றி அந்த வாயில் இரும்பு மூடி போட வைத்தேன். மாதம் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லியும் ஆயிற்று. அவள் அப்போது ஏழு மாதம். ஒரு குடத்தை இடுப்பிலும் இன்னொன்றைக் கையிலுமாக இரண்டு தெரு தள்ளியிருந்த பொதுக்கிணற்றிலிருந்து கொண்டுவருவாள். வாசலில் நின்று நான் பார்ப்பேன். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவேன். பாவம் என்று தோன்றாமல் இல்லை. தோன்றியதை அமுக்கி வைத்துக்கொண்டேன்.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. காலையில் தண்ணீர் வரும் நேரம். எங்களுக்குத் தினமும் இரண்டு மணி நேரம்தான் வரும், மற்ற நேரம் குழாய் காய்ந்து கிடக்கும். அவள் முன்கட்டுக்கு வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்க குழாய மூடி இருபது நாளாச்சுங்கக்கா. இப்ப உங்க தொட்டிக் குழாயவும் மூடிட்டு மீட்டரப் பாருங்க. நின்னுச்சுன்னா இன்னைக்கே போயிடறோம்."

நான் அன்றைக்கே ஒருநாள் மதியம் பார்த்தாயிற்று என்றேன்.

"மதியத்துல தண்ணியே வராதுங்களே" என்றாள்.

தெருக்குழாயிலேயே தண்ணீரில்லாத நேரத்தில் என் முள் எப்படிச் சுற்றும்? இது தெரியாமலா இத்தனை நாள் வாய் கிழியப் பேசினேன்? ஆனாலும் வீம்பு விடவில்லை. தொட்டிக் குழாயை இறுக்கி மூடினேன். வீட்டுக்காரர் குழியின் மூடியைத் தூக்கினார். மூன்று பேரும் குனிந்தோம்.

முள் சுற்றிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், நிற்காமல்.

நான் தொட்டிக்கு ஓடிக் குழாயை இன்னும் ஒரு முறை இறுக்கிப் பார்த்தேன். சொட்டுக்கூட இல்லை. திரும்பி வந்தால் முள் அப்படியே சுற்றியது. வீட்டுக்காரர் சமாளித்தார். தண்ணீர் வரும்போது குழாயில் காற்றும் வரும், காற்றுக்கே மீட்டர் ஓடும், ஊருக்கே தெரிந்த விஷயம் என்றார். அது பொய்யும் அல்ல. எனக்கு அந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்க ஆசையாக இருந்தது.

அதற்குள் பாய் எழுந்து வந்திருந்தார். ஓட்டைப் பாத்திரம் பார்த்தே பிழைக்கிற மனிதர்.

"எல்லா வாயும் மூடிக் கெடக்குதுங்களே. காத்துன்னாலும் வெளிய போக ஒரு வழி வேணுமில்லீங்களா? போவுதுன்னா எங்கயோ ஓட்ட இருக்குது."

அவரே போய்ப் பின்கட்டுக்கான வால்வைத் திருகினார். துருப்பிடித்திருந்தது, தம் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்த நான் சொன்னேன், முள் நின்றுவிட்டது என்று. திறக்கச் சொன்னோம், சுற்றியது. மூடினால் நின்றது. பின்கட்டு முனையில் நாங்களே போட்ட மூடி இருக்கிறது. ஆகவே ஒழுகல் வால்வுக்கும் அந்த மூடிக்கும் நடுவில், என் முற்றத்துக்கு அடியில்.

முற்றமோ சுக்காகக் காய்ந்து கிடந்தது. ஓர் ஈரத் திட்டு இல்லை, பாசி இல்லை. பாய் வால்வை மறுபடி திறந்துவிட்டு, ஈயம் பூசும் பட்டறையிலிருந்து நீளமான இரும்புக் கம்பியை எடுத்துவந்து, ஒரு முனையைக் கல்லில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தார். குழாய் போகும் வழியிலேயே அடியடியாக நகர்ந்தார். தண்ணீர் நிற்பதற்குள் கண்டுபிடிக்க வேண்டுமே என்று நானும் பின்னாலேயே போனேன். கண்டுபிடிக்கக் கூடாதே என்றும் ஒரு மனசு அடித்துக்கொண்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நடு முற்றத்தில் நின்றவர், கம்பியை என்னிடம் கொடுத்தார். காதில் வைத்தேன். உஸ்ஸென்று விடாமல் ஓர் இரைச்சல். காலடியில் பார்த்தேன். பழைய கிணறு இருந்த இடம்.

கற்பலகையைப் பெயர்த்தார்கள். கொட்டிய மண் ஒன்றரை முழம் இறங்கிப் போயிருந்தது. தாங்க மண்ணில்லாமல் குழாய் நடுவில் தொய்ந்து, இணைப்பு விரிசல் விட்டிருந்தது. ஒழுகிய தண்ணீர் மேலே வரவே இல்லை, செங்கல் உடைசலின் சந்து வழியாகத் தூர்த்த கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எங்கள் வீட்டுக் கிணற்றிலேயே இருந்தது.

மறுநாள் குழாய் வேலைக்காரர் வந்து முற்றத்தை விட்டுவிட்டுச் சுவரோரமாகப் புதுக்குழாய் இழுத்தார். அதற்கடுத்த காலை, தண்ணீர் வரும் நேரத்தில் எல்லாவற்றையும் மூடிப் பார்த்தேன். முள் அசையவில்லை. பின்கட்டுக் குழாயை என் கையாலேயே திறந்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, இருந்துகொள்ளுங்கள் என்றேன். அழுதேன்.

"அழாதீங்கக்கா. அரூர்ல வூடு பாத்துட்டோம்" என்றாள். பிறகு, "தெருவுல எல்லாரும் எங்களத் தண்ணி திருடறவங்கன்னுதான் பாக்கறாங்க. இங்க புள்ளயப் பெத்து வளக்க முடியாதுங்க" என்றாள்.

மாதம் முடியுமுன்பே போய்விட்டார்கள். வண்டி கிளம்பும்வரை வீட்டுக்காரர் உள்ளேயே இருந்தார்.

அடுத்த பில் பழையபடி குறைந்து வந்தது. எதிர்வீட்டுக்காரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, அவங்க போனதும் கொறஞ்சிடுச்சு" என்றாள். நான் கிணற்றையும் குழாயையும் விரிசலையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம், "உங்களுக்கு எளகின மனசு, அவங்கள விட்டுக்குடுக்க மாட்டேங்கறீங்க" என்றாள்.