இரண்டு வரியிலும் ஒரே எண்

அந்த வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில், பழைய லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் புதுக் கணினிக்கு மாற்றித் தரும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பஞ்சக்கா என்றால்தான் தெரியும். எந்த லேப்டாப் வந்தாலும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்காமல் மேசைமேல் ஏற்ற மாட்டாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

பதினாறு வருடமாக ஊராரின் அழுக்கோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விசைகளுக்கு நடுவே நகத்துண்டு, முடி, பிஸ்கட் தூள், சிலதில் செத்த எறும்பின் வரிசை. "இவங்கல்லாம் வீட்ல தினம் குளிக்கிறவங்கதானா?" என்று பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரரிடம் கேட்பாள். அவர் சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. குமட்டும். மதியச் சாப்பாட்டை மேசையைவிட்டு எட்டிப் போய் வாசற்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவாள்.

வேலையில் மட்டும் யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. மாற்றி முடித்ததும் ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் இரண்டு வரி எழுதுவாள். மேல் வரியில் பழைய கணினியில் இருக்கும் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும். கீழ் வரியில் புதுக் கணினியில் வந்து சேர்ந்தவை. இரண்டும் ஒத்துப்போனால்தான் சீட்டைப் புதுக் கணினியின் மூடியில் ஒட்டித் தருவாள். அந்தச் சீட்டுக்காகவே நாலு தெரு தள்ளியிருந்தெல்லாம் வருவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். சீருடை மடிப்புக் கலையாமல் இருந்தது. புது லேப்டாப்பை அட்டைப்பெட்டியோடும், பழையதை ஒரு துணிப்பையிலும் கொண்டுவந்திருந்தார்.

"எங்க வீட்டம்மாவோட குரல் இதுல இருக்கு மேடம்" என்றார். "தொண்டையில ஆபரேஷன். குரல்பெட்டியையே எடுத்துட்டாங்க. இனிமே பேச முடியாது. அதுக்கு முன்னாடியே படிச்சுப் பதிவு பண்ணி வச்சிருக்காங்க. அதை வச்சு ஆஸ்பத்திரியில ஒரு பேசுற கருவியில அவங்க குரலையே போட்டுத் தர்றாங்களாம். வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கணும். பழசுல பேட்டரி உப்பிக்கிட்டு வருது, பயமா இருக்கு. எல்லாத்தையும் மாத்திட்டு இதை அழிச்சு நீங்களே தூக்கிப் போட்டுருங்க."

அவர் போனபின் பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து வந்த வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டாள். விசைப்பலகை முழுக்க மஞ்சளாக ஏதோ தெறித்துக் காய்ந்து கிடந்தது. திரையின் ஓரத்தில் கோடு கோடாக வழிந்து உறைந்திருந்தது. யுஎஸ்பி துளைகளுக்குள்ளும் அதே பிசுக்கு. பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தாள். பஞ்சு ஒட்டிக்கொண்டு நூலாக வந்தது. 'சீ, மடிப்புக் கலையாத சட்டைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை' என்று மனசுக்குள் அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தாள்.

வழக்கமாக அவள் தன் எக்ஸ்டெர்னல் டிரைவைச் செருகித்தான் மாற்றுவாள். அந்தத் துளைக்குள் தன் டிரைவின் வாயை விட அவளுக்கு மனம் வரவில்லை. ஆகவே நெட்வொர்க் வழி. கையுறை போட்டுக்கொண்டு பழையதை ஆன் செய்து, கடையின் வைஃபையில் இணைத்து, கோப்புறையைப் பகிர்ந்துவிட்டு, புது லேப்டாப்பில் உட்கார்ந்து இழுக்க ஆரம்பித்தாள்.

பாதி நகர்ந்திருக்கும். விசைகளுக்கு அடியிலிருந்து ஒரு குட்டிக் கரப்பான் மீசையை நீட்டியது. யோசிக்காமல் மூடியைப் பட்டென்று அடித்து மூடினாள். மூடினால் லேப்டாப் தூங்கிப்போகும் என்று தினம் பத்துப் பேருக்குச் சொல்பவள் அவள்தான்.

புதுத் திரையில் கோப்பு கிடைக்கவில்லை என்று பெட்டி வந்து நின்றது. பேனா நுனியால் மூடியை நெம்பித் திறந்து, பேனாவின் பின்பக்கத்தால் பவர் பொத்தானை இரண்டு தரம் ஓங்கிக் குத்தி எழுப்பினாள். 'மறுபடி முயல்' என்பதை அழுத்தினாள். நெட்வொர்க் இன்னும் வந்து சேரவில்லை. மறுபடியும் அதே பெட்டி. எரிச்சலில், அந்த ஒரு கோப்பை விட்டுவிட்டு மேலே போகச் சொல்லும் 'தவிர்' என்பதை அழுத்தினாள். அந்த நேரம் பார்த்து நெட்வொர்க்கும் வந்துவிட, மீதி எல்லாம் மளமளவென்று ஓடி முடிந்தது.

குரல் கோப்புறையைத் திறந்து ஒன்றைத் தட்டினாள். ஒரு பெண் ஏதோ வாக்கியம் படித்தாள். சரி, வந்துவிட்டது. எண்ணிக்கை பார்க்கப் பழையதைத் திரும்பவும் தொட வேண்டும். அவளால் முடியவில்லை. பவரை நிறுத்தி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மேசைக்கு அடியில் தள்ளினாள். புதுக் கணினியில் இருந்த எண்ணைப் பார்த்துக் கீழ் வரியில் எழுதினாள். மேல் வரியிலும் அதையே எழுதி மூடியில் ஒட்டினாள். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

ஓட்டுநர் வாங்கிப்போன புது லேப்டாப்போடு வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெண் படியேறி வந்தாள். கழுத்தில் வெள்ளைத் துணி. அதற்கு அடியிலிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் சளி புரளும் சத்தம் கேட்டது. பஞ்சக்கா தன்னையறியாமல் அரையடி பின்னால் நகர்ந்தாள். அந்தப் பெண் அதைப் பார்த்தாள். புது லேப்டாப்பை மேசைமேல் வைத்து, நோட்டில் எழுதிக் காட்டினாள்.

'சின்னப் பதிவெல்லாம் இருக்கு. ரெண்டு மணி நேரம் படிச்ச பெரிய பதிவு இல்லை. அதுதான் வேணும். பழசை அழிச்சிட்டீங்களா?'

பஞ்சக்கா மேசைக்கு அடியில் பார்த்தாள். "இல்லம்மா, அழிக்கல. இருங்க" என்று குனிந்து பையை இழுத்தாள். அமுக்கியதும் பவர் பொத்தான் உள்ளே போய் அப்படியே மாட்டிக்கொண்டது; திரை எரியவில்லை. அன்றைக்கு அவள் குத்திய குத்தில் உடைந்திருந்தது. கையுறைப் பெட்டியும் காலி.

வெறுங்கையோடு திருகுகளைக் கழற்றினாள். பிசுக்கு நகத்துக்குள் ஏறியது. கரப்பான் மணிக்கட்டில் ஏறி இறங்கி ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு உப்பிய பேட்டரியின் இணைப்பை முதலில் விலக்கி, உள்ளேயிருந்த ஹார்ட் டிஸ்க் வட்டைத் தனியாக எடுத்தாள். அதை வெளிப்பெட்டி ஒன்றில் பொருத்தி, கேபிளைப் புது லேப்டாப்பில் செருகினாள். வட்டு தெரிந்தது. பெரிய பதிவு அங்கேயே இருந்தது. அதை நகல் எடுத்தாள். பிறகு இரண்டு பக்கமும் எண்ணினாள். பழையதில் 38,412. புதியதில் 38,412. அளவும் சரி. பதிவைப் போட்டும் காட்டினாள். "வணக்கம், நான் படிக்க ஆரம்பிக்கிறேன்" என்று கணீரென்று ஒரு குரல் வந்தது. குரலுக்குச் சொந்தக்காரி நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

பிறகு மூடியில் ஒட்டியிருந்த பழைய சீட்டைத் தொட்டாள். இரண்டு வரியிலும் 38,411. நோட்டில் எழுதினாள். 'அப்ப இது எப்படி வந்துச்சு?'

பொய் வாய்வரை வந்தது. லேப்டாப்பில் அந்தக் குரல் இன்னும் படித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டுப் பஞ்சக்கா சொன்னாள்:

"நான் எண்ணலம்மா. எண்ணின மாதிரி எழுதிட்டேன். அந்த லேப்டாப்பத் தொடவே அருவருப்பா இருந்துச்சு. சார் அதை அவ்ளோ அழுக்கா வச்சிருந்தாரு."

அந்தப் பெண் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டாள். பேனாவை எடுத்து நிதானமாக எழுதி, நோட்டைத் திருப்பி வைத்தாள்.

'அவர் அதைத் தொட்டதே இல்லை. படிக்கும்போது நான் இருமித் தெறிச்சது.'

பஞ்சக்கா பஞ்சை எடுக்கவில்லை. நகத்துக்குள் அந்தப் பிசுக்கு அப்படியே இருந்தது.