ஒரே பெயரில் இரண்டு தொடர்

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு என்னை யாரும் கூப்பிடக் கூடாது. அது என் வீட்டுக்காரருக்கான நேரம். அவர் ரியாத்தில் ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு, போனோடு உட்காருவார். நான் இங்கே மரக்காணத்தில், உப்பளக் காற்றுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருவேன். ஒரே தொடரின் ஒரே எபிசோடை இருவரும் ஒரே நேரத்தில் பார்ப்போம். முடிந்ததும் பேசுவோம். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நாங்கள் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

நான் தமிழ் குரலில் பார்ப்பேன், அவர் அரபியில். வெளிநாட்டுப் பெயர்கள் என் வாயில் நுழையாது. அதனால் எங்களுக்கு அவர்கள் மருமகள், மாமியார், மருமகளின் புருஷனான கப்பல்காரன், அவ்வளவுதான்.

முப்பதாவது எபிசோடில் கப்பல்காரன் பல வருடம் கழித்து வீடு திரும்பி, மருமகள் இருந்த கதவைத் தட்டினான்.

"பார்த்தியா, அவ உடனே கதவைத் திறந்துட்டா," என்றார் அவர்.

நான் பார்த்ததில் அவள் திறக்கவே இல்லை.

"நீங்க பார்க்கவே இல்ல. தூங்கிட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்றீங்க."

"வல்லாஹி, அல்லா மேல சத்தியமா பார்த்தேம்மா!"

போனை வைத்துவிட்டேன். மூன்று நாள் எடுக்கவில்லை. இத்தனை வெள்ளியும் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேனோ என்று நினைத்து அழுதேன். நாலாம் நாள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று, 'நீங்க பார்க்கிற தொடரோட பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க' என்று மெசேஜ் போட்டேன்.

உடனே வந்தது. தலைப்பு அதேதான். கீழே வருடம் இடித்தது: என்னுடையதைவிட நாலு வருடம் பிந்தியது. நாடு என்ற இடத்தில் எனக்குத் துருக்கி, அவருக்கு லெபனான். நடிகர் பட்டியலை வரிவரியாக ஒப்பிட்டேன். ஒரு பெயர்கூடப் பொருந்தவில்லை. நான் பார்த்தது முதலில் எடுத்தது. அவர் பார்த்தது அதே கதையை அரபியில் திரும்ப எடுத்தது. அங்கே அந்த ஆப்பில் அதுதான் இருக்கிறது. அதுவும் டப்பிங் என்றே இருவரும் நினைத்திருந்தோம்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. நானே போன் செய்தேன்.

"தப்பு என்னுதுங்க. நீங்க பார்த்தது வேற. நீங்க பொய் சொல்லல."

"அதான் சொன்னேனே," என்று சிரித்தார். "இங்க பேக்டரில இதைச் சொன்னா சிரிப்பாங்க. சரி, உன்னுதுல அவ எப்பதான் திறக்கிறா?"

"இன்னும் திறக்கல. கோவத்துல தனியா இன்னும் மூணு எபிசோடு பார்த்துட்டேன்."

அவர் சிரிப்பு நின்றது.

"நீ திறப்பியா?"

"மொதல்ல வந்து தட்டுங்க," என்றேன்.