எஞ்சின் மூடியில் இருந்த நான்காம் இலக்கம்

பின்னேரம் ஐந்து இருபதுக்குச் செய்தி வந்தது. பாக்கியரத்தினம் அண்ணை நெஞ்சுவலியில் போய்விட்டார். துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியமொன்றில் இயந்திரங்களின் பராமரிப்புக் கோப்புகளைப் பதினெட்டு வருடம் பார்த்தவர். தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அதே அறையில் நான் எழுதுவினைஞர். அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல, அவரோடு இருந்த ஒரு மணித்தியாலத்தைச் சொன்னால் போதும்.

சென்ற பங்குனியில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று சரிவில் நிற்காமல் போய்த் தூணில் மோதியது. ஓட்டிய கிண்ணியா ஹஸ்மிக்குக் கால் முறிந்தது. வேகமாக ஓட்டியதுதான் காரணம் என்று முகாமையாளர் சுகிர்தன் முடிவு செய்துவிட்டார். விபத்து அறிக்கையை நான் தட்டச்சு செய்தேன். எஞ்சின் மூடியில் நான்காம் இலக்கம் எழுதியிருந்தது. மூடியின் உட்புறச் சீட்டில் கடைசிப் பராமரிப்பு பன்னிரண்டு நாட்களுக்கு முன். பிரேக் அப்போதுதான் பார்க்கப்பட்டதென்றால் பிழை ஹஸ்மியுடையது. அவனுக்கு வேலை போகும். அன்று நாலு மணிக்குள் அறிக்கை தொழில் திணைக்களத்துக்குப் போகவேண்டும். அப்போது மூன்று பத்து.

அண்ணை தாளை வாசித்தார்.

"தொடரிலக்கம் எங்க பார்த்தனீங்கள், தங்கச்சி?"

நான்காம் வண்டியின் கோப்பில் என்றேன்.

"அப்ப வண்டியைப் பார்க்கேல்ல."

கம்பித் தூரிகையோடு இறங்கினார். வண்டியில் அறைந்திருந்த விபரத் தகட்டில் மாதிரியின் பெயர் மட்டும் தெரிந்தது. தொடரிலக்கத்தின் பாதியையும் தயாரித்த ஆண்டையும் துரு தின்றிருந்தது. வண்டியின் இரும்புச் சட்டத்திலும் அதே தொடரிலக்கம் பொறித்திருக்கும் என்று கிறீஸைச் சுரண்டினார். ஒவ்வோர் எண்ணாக வாசித்தார். நான் எழுதித் திருப்பி வாசித்தேன். கோப்புகளோடு ஒப்பிட்டால் அது இரண்டாம் வண்டி. விபத்துக்கு முந்தின வாரம் வர்ணம் பூசக் கழற்றிய மூடிகளை வேலைத்தலத்தில் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

இரண்டாம் வண்டியின் கோப்பில் கடைசிப் பராமரிப்பு பதினொரு மாதங்களுக்கு முன். பிரேக் குழாய் கசிகிறது, மாற்றவேண்டும் என்ற குறிப்பு. மாற்றியதாக எங்கும் இல்லை.

நாலு மணிக்குப் பதினைந்து நிமிடம் இருக்க முகாமையாளர் வந்து நின்றார். மூடியில் உள்ள இலக்கமே போதும் என்றார்.

"மூடி ஓடேல்ல, சேர். வண்டிதான் ஓடினது" என்றார் அண்ணை.

சுகிர்தன் கோப்பை வாங்கிப் புரட்டினார். பிறகு, சரி, படிவம் கேட்கும் வண்டியின் வயதையாவது பதினைந்து வருடம் என்று போடச் சொன்னார்.

"என்ர வயசைக் கேளுங்கோ, சொல்லுவன். இதின்ர வயசு தெரியாது. வண்டி வித்த ஏஜென்டுக்கு எழுதிக் கேட்பம்."

வயதுக்கு நேரே 'உறுதிப்படுத்தப்படவில்லை' என்று எழுதி, மூன்று ஐம்பத்தாறுக்கு அனுப்பினோம். திணைக்களப் பரிசோதகர் வந்து வெடித்திருந்த பிரேக் குழாயைக் கழற்றிக் கொண்டுபோனார். ஹஸ்மி கால் ஆறி வேலைக்குத் திரும்பிவிட்டான்.

ஏஜென்டின் பதில் போன வியாழக்கிழமைதான் வந்தது. அண்ணை அதைக் கோப்பில் குத்தி வைத்தார். அதில் இருந்த தயாரித்த ஆண்டை அறிக்கைப் பிரதியில் இன்னும் யாரும் பதியவில்லை.