ஆளில்லாத வீடுகள் குடித்த தண்ணீர்

லூர்துசாமிக்குச் சரியான கணக்கைக் கண்டால்தான் சந்தேகம் வரும். தப்பான கணக்கில் மனிதர்கள் இருப்பார்கள், சரியான கணக்கில் யாரோ ஒளிந்திருப்பார்கள் என்பது அவர் கட்சி. முப்பத்தோரு வருஷம் தண்ணீர் மீட்டர் சோதனைப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடலூர் முதுநகரில் வீடு. காது மட்டும் இன்னும் சர்வீசில் இருந்தது.

2008 ஆனி மாதம் சிதம்பரத்திலிருந்து ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தலைவர் கூப்பிட்டனுப்பினார். பெயர் சிவசுப்ரமணியன், தத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்து நாலு வீடு, தொண்ணூற்றொரு பேர். போர்வெல் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும் வழியில் ஒரு பெரிய மீட்டர். தொட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய், அதில் தனி வால்வு, தனி மீட்டர், எல்லாம் மாடியிலேயே வரிசையாக.

"ஒரு நாளைக்கு மேல ஏறுறது பதினெட்டாயிரத்து முந்நூறு லிட்டர். வீட்டு மீட்டரெல்லாம் கூட்டினா பன்னெண்டாயிரத்துச் சொச்சம்தான். ஆறாயிரம் லிட்டர் எங்க போவுது? பம்ப் போடறவன் தங்கராசுதான் ஹோட்டலுக்கு வித்துடறான்னு கமிட்டில பேச்சு. நீங்க எழுதிக் குடுத்துட்டா அவனை அனுப்பிடலாம்."

"நான் பாக்காம எழுத மாட்டேன் சார்."

"பாருங்க, பாருங்க. ஆனா எழுதுங்க."

லூர்துசாமி வீட்டு மீட்டர்களின் மொத்தத்தை ஆளெண்ணிக்கையால் வகுத்தார். தலைக்கு நூற்று முப்பத்தைந்து லிட்டர். ஒரு ஆளின் ஒரு நாள் தேவை என்று அரசாங்கப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு, அட்சரம் பிசகாமல். பெரிய மீட்டர் கணக்கிலோ தலைக்கு இருநூற்றொன்று. பெரிய மீட்டர் பொய் சொல்கிறதா என்று தொட்டியை அளந்து நிரப்பிப் பார்த்தார். அது யோக்கியமான மீட்டர்.

தங்கராசு படிக்கட்டுக்கு அடியிலுள்ள அறையில் பெண்டாட்டி சின்னம்மாளோடு இருந்தான். குமராட்சிப் பக்கத்து ஆள். வேலை போனால் அறையும் போகும்.

"சார், குடத்துல புடிச்சி ரெண்டு பேருக்குக் குடுத்திருக்கேன், பொய் சொல்லல. ஆறாயிரத்த நான் எதுல தூக்கிட்டுப் போவேன்? என் சைக்கிளுக்குக் கேரியரே இல்ல."

யாருமே தண்ணீர் தொடாத மூன்று மணி நேரம் வேண்டும் என்றார் லூர்துசாமி. அது தேர் அன்றைக்குக் கிடைத்தது. காலை ஒன்பது மணிக்குள் இருபத்து மூன்று வீடும் பூட்டிக்கொண்டு வீதிக்குப் போய்விட்டன. பதினோராம் எண் வீடு ஏற்கனவே பூட்டியிருந்தது. அங்கே இருந்த அம்மாள் எட்டு மாதத்துக்கு முன்னால் காலமாகிவிட்டாள், மகன் வெளிநாட்டில், சாவியும் அங்கேயே. பம்ப்பை நிறுத்தி அதன் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தங்கராசையும் சின்னம்மாளையும் வெளியே அனுப்பிவிட்டு அவர் தனியாக மாடியேறினார்.

பட்டப்பகல். கொளுத்தும் வெயில். கொடியில் துணி அசையவில்லை. எங்கோ தேரிழுக்கும் சத்தம் எழுந்து அடங்கியது. கீழே நாலு மாடியும் ஒரு காலிப் பெட்டி.

முதலில் தொட்டியின் வெளிவால்வை மூடி ஒரு மணி நேரம் பார்த்தார். மட்டம் இறங்கவில்லை. தொட்டியில் ஓட்டையில்லை. பிறகு திறந்துவிட்டார். இரண்டு மணி நேரத்தில் மட்டம் நாலரை சென்டிமீட்டர் இறங்கியது. அந்தத் தொட்டிக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் நூற்றிருபது லிட்டர். மணிக்கு இருநூற்றெழுபது லிட்டரை யாரோ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் இறங்கும் குழாய்கள் எல்லாம் வெளியே கசிவின்றிக் காய்ந்த எலும்பாக இருந்தன. இருபத்து நாலு மீட்டரின் முகத்தையும் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் சொட்டு நகர்ந்தாலே சுழல வேண்டிய ஒரு சின்னச் சிவப்புச் சக்கரம். ஒன்றுகூடச் சுழலவில்லை.

பையிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்தார். ஒரு முனையைக் குழாயில் வைத்து மறு முனையைக் காதெலும்பில் அழுத்தினார். முதல் வீட்டில் மெல்லிய மூச்சு. இரண்டாம் வீட்டிலும் மூச்சு. மூன்றாவதில் பல்லிடுக்கில் யாரோ பேசுவது போல. ஆறாவது, ஏழாவது, பத்தாவது. எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது. ஆளில்லாத வீடெல்லாம் விழித்துக்கொண்டிருந்தது.

பதினோராவதில் கம்பியை வைக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. வைத்தார். அங்கேயும் கேட்டது, மற்றவற்றைவிடப் பொறுமையாக.

"யாருங்க வீட்ல?" என்றார் லூர்துசாமி. குழாயிடம் கேட்கிறோம் என்று உறைத்ததும் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்த மீட்டர் எட்டு மாதமாக அதே எண்ணில் நின்றிருந்தது. பதினோராம் வால்வைத் திருகி மூடினார். மூச்சு நின்றது. திறந்தார், வந்தது. பிறகு ஒவ்வொன்றாக இருபத்து நாலையும் மூடினார். மொட்டைமாடியில் அப்படியொரு அமைதி இறங்கியது, சொந்த ரத்தம் ஓடுவது காதில் கேட்டது. தொட்டியின் மட்டம் அசையவேயில்லை.

அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. தண்ணீர் மீட்டர்களைத் தாண்டித்தான் போகிறது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மணிக்குப் பதினோரு லிட்டர், அதற்கும் சற்று மேல், அவ்வளவுதான். தேய்ந்த மீட்டரின் சக்கரத்தைத் தள்ள அந்த நீருக்குத் தெம்பில்லை. மீட்டருக்கே தெரியாமல் அதன் வயிற்று வழியாகவே நழுவிப் போகிறது.

பல வருஷத்துக்கு முன்னால் வேறோர் ஊரில், ஊர்ப் பெயர் வேண்டாம், இதே மாதிரிக் கணக்கில் வராத தண்ணீருக்கு உத்திராபதி என்ற பம்ப் ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மீட்டரெல்லாம் சரி என்று சான்று எழுதியவர் லூர்துசாமி. பட்டறையில் குழாயை நன்றாகத் திறந்துவிட்டுத்தான் சோதிப்பார்கள், வாய்க்குள் முணுமுணுக்கும் அளவு நீரில் யாரும் சோதித்ததில்லை. உத்திராபதி எடுத்தானா இல்லையா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. தெரியும் என்று மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மறுநாள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பேராசிரியர் சிரித்தார். "ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒழுகுதா? எங்க வீட்ல ஒழுகல."

"உங்க வீட்டுக் கக்கூஸ் தொட்டில ரெண்டு மூடி சொட்டுநீலம் ஊத்துங்க. அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாதீங்க. கீழ இருக்கற தண்ணி வெள்ளையாவே இருந்தா நான் பொய்யன்."

திறக்க முடிந்த இருபத்து மூன்று வீட்டில் இருபதில் நீலம் இறங்கியது. பேராசிரியர் வீட்டில் வந்த நீலத்தில் வேட்டியே அலசலாம். மீதி மூன்று வீட்டில் கழிவறைத் தொட்டி நல்ல தொட்டி. ஆனால் அங்கே குழாயை நூல் மாதிரிச் சொட்டவிட்டு வாளி வைத்திருந்தார்கள். தேருக்குப் போனபோதும் வாளி நிறைந்து வழிந்திருக்கிறது.

"சொட்ட உட்டா மீட்டர் ஓடாதுன்னு கீழ் வீட்டு அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள் அவர்களில் ஒருத்தியான லலிதாம்பிகை. கீழ் வீட்டு அக்கா சட்டென்று ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"அப்ப யாரும் திருடலயா?" என்றார் பேராசிரியர், ஏமாற்றம்போல.

"எல்லாருந்தான் எடுத்திருக்கீங்க. மூணு வீடு தெரிஞ்சு, மத்த வீடெல்லாம் தெரியாம, ஒருத்தருக்கும் உதவாம."

கழிவறைத் தொட்டிகளுக்கு வாஷர் மாற்றினார்கள், சொட்டுக் குழாய்களை இறுக மூடினார்கள். மறுபடி அளந்தபோது இழப்பு மணிக்குப் பதினோரு லிட்டருக்கு வந்திருந்தது. அது பதினோராம் எண் வீடு. அதன் வால்வை மூடச் சொன்னார்கள். மாடியேற யாரும் முன்வரவில்லை. தங்கராசு போய் மூடிவிட்டு, வேகமாக இறங்கி வந்தான்.

அறிக்கையில் 'காரணம் தெரியாத இழப்பு' என்ற கட்டத்தில் லூர்துசாமி 'இல்லை' என்று எழுதினார். கமிட்டி அறை வாசலில் தங்கராசு நின்று எட்டிப் பார்த்தான். சின்னம்மாள் பின்னால் நின்றாள்.

"சார், என் பேரு அதுல எங்க இருக்கு?"

"ஆள் பேருக்கு இதுல கட்டம் கெடையாதுப்பா. தண்ணி கணக்கு இது. உன்ன அனுப்ப மாட்டாங்க, போ."

"அனுப்ப மாட்டாங்க சார். ஆனா திருடன்னு சொன்னது இந்த மாடி பூராவும் கேட்டிருக்கு. திருடலன்னு எங்கயுமே இல்லயே."

கட்டமில்லாத இடத்தில் எழுதுவது முப்பத்தோரு வருஷத்தில் லூர்துசாமி செய்யாத காரியம். கையெழுத்துக்குக் கீழே இருந்த வெற்றுத் தாளைப் பார்த்தார். பேனாவை உதறி, நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'பம்ப் இயக்குபவர் தங்கராசு தண்ணீர் எதுவும் விற்கவில்லை.'

பிறகு அதற்கும் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டார்.