ஒன்பதாவது செய்தி

அமலோற்பவம் தூத்துக்குடியில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவர். மாலையில் மொழிபெயர்ப்பும் செய்வார். காசநோயாளிகளின் கைபேசிக்குப் போகும் இருபத்து நாலு குறுஞ்செய்திகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுத்தது அவர்தான். கேட்டது ஒரு தொண்டு நிறுவனம். அடுத்த தொகுதியை எழுதுமுன் நோயாளிகளை நேரில் பாருங்கள் என்று அவர்களே சொன்னதால், ஒரு புதன்கிழமை காலை அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவுப் பணியாளர் பேச்சியம்மாளோடு ஸ்கூட்டியில் உப்பளப் பக்கம் போனார்.

பேச்சியம்மாள் அந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பட்டியலில் ஒரு பெயரைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தாள். சுயம்பு, வயது முப்பத்தெட்டு, உப்பளத் தொழிலாளி. இரண்டு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவன், அடுத்த இரண்டு மாதமாக வாங்கவே வரவில்லை.

சுயம்பு வாசலில் குத்தவைத்து இருமிக்கொண்டிருந்தான். கன்ன எலும்பு துருத்தியிருந்தது. பக்கத்தில் அவன் மனைவி முத்துக்கனி கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திர ஏன் வாங்க வரல?" என்றாள் பேச்சியம்மாள்.

"அது முடிஞ்சிட்டுல்லா. நீங்கதான செய்தி போட்டிய."

"நான் எங்க போட்டேன்?"

அவன் உள்ளே போய்க் கைபேசியை எடுத்து வந்து நீட்டினான். பேச்சியம்மாள் வாய்விட்டுப் படித்தாள்: "தங்களது தீவிரக் கட்டச் சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது. வாழ்த்துகள். தொடர் கட்டத்தை மேற்கொள்ளவும்."

"பாத்தியளா, தீவிர சிகிச்சைன்னா பெரிய சிகிச்சைதான? அது முடிஞ்சிட்டுன்னு வாழ்த்தும் சொல்லிருக்கு."

"தொடர் கட்டம்னும் இருக்கே."

"கட்டம்னா ஜாதகக் கட்டம்தான் எனக்குத் தெரியும். நேரம் சரியில்லன்னு எழுதிருக்கோன்னு நெனச்சேன்" என்று சிரிக்கப் பார்த்தான். இருமல் வந்துவிட்டது.

அமலோற்பவம் கைபேசியை வாங்கிப் பார்த்தார். அவர் எழுதிய இருபத்து நாலில் ஒன்பதாவது செய்தி அது. முதலில் அவர் எழுதியது வேறு: 'முதல் இரண்டு மாதம் முடிந்தது. இனி மாத்திரை மாறும், ஆனால் நிற்காது. இன்னும் நாலு மாதம் தினமும் சாப்பிட்டால்தான் நோய் போகும்.' நிறுவனம் கொடுத்த சொற்பட்டியலில் 'தீவிரக் கட்டம்', 'தொடர் கட்டம்' என்று இருந்தது. தன் வரி பேச்சு வழக்காக, மட்டமாகத் தெரிந்தது. அழித்துவிட்டார். உப்பு வாருகிறவனுக்கு இது புரியுமா என்று அன்றைக்கே ஒரு கணம் தோன்றியது. தோன்றியும் அனுப்பியதுதான் இப்போது குடைந்தது.

பேச்சியம்மாள் சளி மாதிரிக்குச் சின்ன டப்பாவைக் கொடுத்து, முத்துக்கனியையும் பிள்ளைகளையும் பரிசோதனைக்கு அழைத்தாள்.

அமலோற்பவம் முடிவுக்காகக் காத்திருந்தார். மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறியிருந்தால் வைத்தியம் இன்னும் கடினம் என்று பேச்சியம்மாள் திரும்பும் வழியில் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள்.

"கிருமி இருக்குக்கா. ஆனா மருந்துக்கு அடங்குறதுதான். முதல்லருந்து ஆறு மாசம் சாப்பிடணும். வீட்டுல மத்தவுகளுக்கு நோய் இல்ல. கடைசிப் புள்ளைக்கு மட்டும் தடுப்பு மருந்து குடுக்கச் சொல்லிருக்காக."

சனிக்கிழமை அமலோற்பவம் தனியாகவே உப்பளத்துக்குப் போனார்.

"அந்தச் செய்திய எழுதினது நாந்தான்" என்றார். "புரியாதுன்னு தெரிஞ்சும் எழுதிட்டேன்."

முத்துக்கனிதான் பேசினாள்.

"ரெண்டு மாசமா இருமிக்கிட்டே உப்பு வாரப் போனாக. புள்ள அவுக பக்கத்துலதான் படுத்துக் கெடந்துச்சு. நீங்க வந்து சொல்லுதிய. சரி. நான் என்ன சொல்லணும்?"



அமலோற்பவம் அன்றே நிறுவனத்துக்கு நடந்ததை எழுதி, ஒன்பதாவதை உடனே நிறுத்தச் சொன்னார். மற்றவற்றை மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டி, "இதப் படிச்சா நாளைக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டார். 'சிறுநீர் நிறம் மாறலாம், அஞ்ச வேண்டாம்' என்பதற்கு ஒரு கிழவர், "மாறினா நிறுத்திருவேன்" என்றார். 'மாத்திரையால் மூத்திரம் செம்மஞ்சளாகப் போகும். பயப்படாமல் சாப்பிடுங்கள்' என்று மாற்றினார். இருபத்து நாலில் பதினேழு மாறின. புதிதாக எழுதிய ஒன்பதாவதில் கட்டமும் இல்லை, வாழ்த்தும் இல்லை.

ஆறு மாதம் கழித்து சுயம்புவின் சளியில் கிருமி இல்லை. ஐந்து கிலோ ஏறியிருந்தான். அன்று மருத்துவமனையில் அமலோற்பவம் எதிர்ப்பட்டபோது அவன் தலையசைத்தான்.

கூட வந்திருந்த முத்துக்கனி பேச்சியம்மாளிடம் திரும்பினாள். "யக்கா, இனி எதுன்னாலும் நீங்க வாயால சொல்லுங்க. செய்தி வேண்டாம்."

அமலோற்பவம் பக்கத்தில்தான் நின்றார். அவள் அவரைப் பார்க்காமலே புருஷனோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.